மதிப்பீட்டாளருக்கு ஒரு பதில் கடிதம்

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பிவிட்டுச் சில மாதங்கள் காத்திருந்தவருக்கு ஒருநாள் பதிப்பாசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. "உங்கள் கட்டுரையை இப்போதைய வடிவில் ஏற்க இயலாது. மதிப்பீட்டாளர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு முழுமையாகப் பதில் தந்து, திருத்தி அனுப்பினால் பரிசீலிப்போம்." இதற்கு ஆய்வுலகில் 'மேஜர் ரிவிஷன்' என்று பெயர். முதல் வாசிப்பில் நிராகரிப்பு மாதிரியே தோன்றும். ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்த பதிப்பாசிரியர் இரண்டு வரியில் முடித்திருப்பார். நான்கு பக்கக் கேள்விகளை இணைத்து அனுப்புகிறார் என்றால் கதவு இன்னும் மூடவில்லை என்று பொருள்.

அந்த நான்கு பக்கத்துக்கு எழுதும் பதில்தான் ஒரு கட்டுரை பிழைப்பதையும் சாவதையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கட்டுரையைவிட நீளமான பதில் கடிதங்கள் சர்வசாதாரணம். எழுதியவரும் பதிப்பாசிரியரும் இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களும் தவிர யாரும் படிக்காத எழுத்தாகவே அது நெடுங்காலம் இருந்தது. இப்போது நிலைமை மாறிவருகிறது. எம்போ ஜர்னல் 2009 முதலே இந்தக் கடிதப் போக்குவரத்தைக் கட்டுரையோடு சேர்த்து வெளியிட்டு வருகிறது. நேச்சர் இதழ் 2025 ஜூனில், இனிமேல் தனக்கு வரும் ஆய்வுக் கட்டுரைகள் ஏற்கப்பட்டால் கேள்வியும் பதிலும் தானாகவே வெளியாகும் என்று அறிவித்தது. அறிவியல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் கட்டுரைகளைவிட இந்தக் கோப்புகளைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். கட்டுரையில் எல்லாம் சுமுகமாக நடந்ததுபோல் இருக்கும். எங்கே இடித்தது என்பது கடிதத்தில்தான் தெரியும்.

பதிலே எழுத மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் மிகப் பெரிய பெயர் ஐன்ஸ்டைன். 1936இல் அவரும் நேத்தன் ரோசனும் ஈர்ப்பலைகள் என்பவை இல்லவே இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை ஃபிசிக்கல் ரிவியூ இதழுக்கு அனுப்பினார்கள். பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை ஒரு நிபுணரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். பத்துப் பக்கத்தில் குறை சொல்லிப் பதில் வந்தது. ஐன்ஸ்டைனுக்குக் கோபம். அச்சிடத்தான் அனுப்பினோமே தவிர அதற்கு முன்பே யாரிடமும் காட்டச் சொல்லவில்லை என்று எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த நிபுணர் ஹெச். பி. ராபர்ட்சன் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு உறுதியானது. சுவையான பகுதி என்னவென்றால், ராபர்ட்சன் சொன்னது சரி. ஐன்ஸ்டைனின் உதவியாளராக இருந்த இன்ஃபெல்டிடம் ராபர்ட்சனே பேச்சுவாக்கில் பிழையை விளக்கினார். வேறோர் இதழில் 1937இல் அக்கட்டுரை வெளியானபோது அதன் முடிவே தலைகீழாக மாறியிருந்தது. ஐன்ஸ்டைனுக்கு வேறோர் இதழ் கிடைத்தது, பிழையைச் சொல்ல ஆளும் பக்கத்திலேயே கிடைத்தார். மற்றவர்கள் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் உதாரணக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் வகை ஆராய்ச்சி இது. விவரங்களை விளக்கத்துக்காக நான் அமைத்திருக்கிறேன்.

ஒரு முனைவர் பட்ட மாணவி மூலிகை இலைச்சாறு ஒன்றைச் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு 28 நாள் கொடுத்துப் பார்க்கிறார். எலிகளுக்கு நோயை வரவழைப்பது ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்து. இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை அது அழிக்கும். நான்கு குழு, குழுவுக்கு 6 எலி: ஆரோக்கியமானவை, நோயுள்ளவை, நோயோடு குறைந்த அளவு சாறு பெற்றவை, நோயோடு அதிக அளவு சாறு பெற்றவை. சாறு குடித்த எலிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. "இந்த இலைச்சாறு டைப் 2 சர்க்கரை நோயில் பீட்டா செல்களைப் புதுப்பித்து இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது" என்பது தலைப்பு. மூன்று மதிப்பீட்டாளர்களிடமிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. திருத்தி அனுப்ப 60 நாள் அவகாசம்.

முதலில் செய்ய வேண்டியது பதில் எழுதுவது அல்ல, பிரிப்பது. மதிப்பீட்டாளர்கள் எண் போட்டு எழுதுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே பத்தியில் ஒரு பாராட்டு, இரண்டு கேள்வி, போகிற போக்கில் ஒரு பரிசோதனைக் கோரிக்கை எல்லாம் கலந்து கிடக்கும். அந்தப் பத்திக்கு மொத்தமாக ஒரு பதில் எழுதினால் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகும். விடுபட்டது தற்செயல் என்று எவரும் நம்ப மாட்டார்கள். அதனால் வாக்கியம் வாக்கியமாக உடைத்து 1.1, 1.2, 2.1 என்று எண் இடுகிறார்கள். மதிப்பீட்டாளரின் சொற்களை ஒன்றுகூட மாற்றாமல், சுருக்காமல் கடிதத்தில் அப்படியே ஒட்டி, அடியில் வேறு நிறத்தில் பதில். பதிலுக்குக் கீழே கட்டுரையில் புதிதாகச் சேர்த்த வரிகள் மேற்கோளாக, பக்க எண், வரி எண்ணோடு. கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கட்டுரையைத் திறக்காமலேயே என்ன மாறியது என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிய வேண்டும். அவர் சம்பளம் வாங்காமல், இரவு பத்து மணிக்கு மேல் இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பதிப்பாசிரியரின் கடிதத்தைத் தனியாக ஒருமுறை படிக்க வேண்டும். "குறிப்பாக, மதிப்பீட்டாளர் 1 எழுப்பிய இன்சுலின் பற்றிய கேள்வி" என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிக்கு எடை அதிகம். முடிவெடுப்பவர் அவர்தான்.

இனி கேள்விகள். முதல் மதிப்பீட்டாளரின் முதல் கேள்வி நேராகத் தலைப்பில் கைவைக்கிறது. ஸ்ட்ரெப்டோசோடோசினை மட்டும் ஊசி போட்டால் பீட்டா செல்கள் அழிந்துவிடுகின்றன. அது டைப் 1 நோயைத்தான் ஒத்தது. டைப் 2 என்று சொல்ல வேண்டுமானால் எலிகளுக்குப் பல வாரம் கொழுப்புணவு கொடுத்து, உடல் இன்சுலினுக்கு மசியாத நிலைக்கு வந்த பிறகு மருந்தைக் குறைந்த அளவில் போட வேண்டும். அந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள் என்கிறார்.

மாணவியின் முதல் நினைப்பு, இன்னும் நான்கு மாதம் போச்சு என்பதாகத்தான் இருக்கும். கைடிடம் போய், "மேடம், எல்லாத்தையும் திரும்பச் செய்யச் சொல்றாங்க" என்பார். அனுபவமுள்ள கைடு கேட்கும் கேள்வி வேறு: "நம்ம கட்டுரையில எந்த வாக்கியம் அவரை உறுத்துது?"

பதில் கடிதம் எழுதுவதன் சூட்சுமம் இந்தக் கேள்வியில் இருக்கிறது என்பேன். கூடுதல் பரிசோதனை கேட்கும் ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் கட்டுரையிலுள்ள ஏதோ ஒரு வாக்கியத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். அந்த வாக்கியத்தைத் தாங்க ஆதாரம் போதவில்லை என்பதே அவர் சொல்ல வருவது. ஆதாரத்தைக் கொண்டுவரலாம், அல்லது வாக்கியத்தை விட்டுக்கொடுக்கலாம். இரண்டும் நேர்மையான பதில்தான். வாக்கியத்தையும் விடாமல் ஆதாரமும் தராமல் இரண்டு பக்கம் வாதாடுவதுதான் எடுபடாது.

இங்கே உறுத்துவது 'டைப் 2' என்ற ஒரு சொல். ஆய்வுக்கு அது தேவையே இல்லை, படிப்பவர்களுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று தலைப்பில் சேர்த்தது. அதனால் பதில் இப்படி வருகிறது: "மதிப்பீட்டாளர் சொல்வது சரி. நாங்கள் பயன்படுத்திய முறை பீட்டா செல் இழப்பைக் காட்டுகிறதே தவிர இன்சுலினுக்கு மசியாத நிலையை அல்ல. தலைப்பிலிருந்தும் சுருக்கத்திலிருந்தும் 'டைப் 2' என்பதை நீக்கி 'ஸ்ட்ரெப்டோசோடோசின் வழி உண்டாக்கிய சர்க்கரை நோய்' என்று மாற்றியுள்ளோம். கொழுப்புணவு முறையில் இதே விளைவு கிடைக்குமா என்பது சோதிக்கப்படவில்லை என்பதை விவாதப் பகுதியின் கடைசிப் பத்தியில் சேர்த்துள்ளோம்." நான்கு மாத வேலை நான்கு வாக்கியத்தில் முடிந்தது. குறுக்கு வழி மாதிரித் தெரியும், ஆனால் அப்படி இல்லை. செய்யாத வேலைக்கு உரிமை கொண்டாடுவதை நிறுத்தியதுதான் நடந்தது.

அவருடைய இரண்டாவது கேள்வியில் இப்படித் தப்ப முடியாது. "பீட்டா செல்கள் புதுப்பிக்கப்பட்டன என்கிறீர்கள். சர்க்கரை குறைந்ததைத் தவிர வேறு ஆதாரமில்லை. இன்சுலினை அளந்தீர்களா?" சர்க்கரை பல காரணங்களால் குறையலாம். குடலில் உறிஞ்சப்படுவது குறைந்திருக்கலாம், எலி சரியாகச் சாப்பிடாமல்கூட இருந்திருக்கலாம். இந்தச் சொல்தான் கட்டுரையின் உயிர்நாடி, பதிப்பாசிரியரும் இதைச் சுட்டியிருக்கிறார். பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

புதிய எலிகள் தேவையா? இல்லை. 28ஆம் நாள் எடுத்த இரத்தத்தின் சீரம் மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியில் இருக்கிறது. கணையங்கள் மெழுகுக் கட்டிகளில் பத்திரமாக இருக்கின்றன. சீரத்தில் எலைசா முறையில் இன்சுலினை அளக்கலாம். கணையத்தை மெல்லிய சீவல்களாக வெட்டி, இன்சுலின் உள்ள செல்களுக்கு மட்டும் நிறமேற்றி எண்ணலாம். மேஜர் ரிவிஷன் வந்ததும் ஆய்வகத்தில் முதலில் திறக்க வேண்டியது குளிர்பெட்டியைத்தான். கையில் இருக்கும் பொருளிலிருந்து எத்தனை கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

குளிர்பெட்டியைத் திறந்தால் ஒரு சிக்கல். 24 குழாய்களில் இரண்டில் சீரம் வெளிர்மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அந்த அணுக்களுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் நொதி உண்டு. அதனால் இந்த இரண்டு மாதிரிகளிலும் இன்சுலின் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். சேர்த்தால் கணக்குத் தவறும். அளந்து பார்த்து, எண் பிடிக்காததால் நீக்கினால் மோசடி. அளக்கும் முன்பே நிறத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டு, எந்தக் குழுவில் எத்தனை ஒதுக்கப்பட்டது, ஏன் என்று கடிதத்திலும் கட்டுரையிலும் எழுதுவதுதான் வழி.

அளந்தாயிற்று. சாறு குடித்த எலிகளின் சராசரி இன்சுலின், குடிக்காத நோயுள்ள எலிகளைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் இரு குழுக்களின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. கணையச் சீவல்களிலும் இன்சுலின் செல்களின் பரப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. ஆக, 'புதுப்பித்து' என்ற சொல் நிற்கவில்லை.

மதிப்பீட்டாளர் கேட்ட பரிசோதனை நமக்கு எதிராகவே சாட்சி சொல்வது அபூர்வம் அல்ல. இந்த இடத்தில்தான் கடிதங்கள் வளையத் தொடங்கும். "இன்சுலின் அதிகரிக்கும் போக்கு காணப்பட்டது" என்று ஒரு வாக்கியத்தை எழுதி, தலைப்பை அப்படியே விட்டுவைக்கும் ஆசை வரும். அதற்கு மதிப்பீட்டாளர் ஏமாறுவதில்லை. கேள்வியைக் கேட்டவர் அவர், அதனால் முதலில் அந்தப் படத்தைத்தான் திறந்து பார்ப்பார். நேரடியாக எழுதுவதுதான் கைகொடுக்கும்: "சீரம் இன்சுலினையும் கணையத்தில் இன்சுலின் உள்ள செல்களின் பரப்பையும் அளந்தோம். இரண்டிலும் குழுக்களுக்கிடையே தெளிவான வேறுபாடு இல்லை. ஆகவே பீட்டா செல்கள் புதுப்பிக்கப்பட்டன என்ற எங்கள் முந்தைய விளக்கத்தை இந்தத் தரவு ஆதரிக்கவில்லை. அதைத் தலைப்பிலிருந்தும் முடிவுரையிலிருந்தும் நீக்கிவிட்டோம். புதிய முடிவுகள் படம் 4இல் உள்ளன." மேலும் ஒரு வரி: இரண்டு மாதிரிகள் ஏன் ஒதுக்கப்பட்டன.

இதனால் கட்டுரை செத்துப்போகிறதா? பெரும்பாலும் இல்லை. சர்க்கரை குறைந்தது என்ற அளவீடு இருக்கிறது. எதனால் என்ற ஒரு விளக்கம்தான் விழுந்தது. 'இன்சுலின் கூடாமலே சர்க்கரை குறைகிறது' என்பது பழைய தலைப்பைவிடச் சுவாரசியமான கேள்வியும்கூட. என்றாலும் மிகப் பெரிய செய்தியை எதிர்பார்த்த இதழாக இருந்தால் இந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது மதிப்பீட்டாளர் கணக்குக்காரர். மாணவர்களிடையே 'ரிவியூவர் டூ' என்றாலே வில்லன் என்று ஒரு கேலி உண்டு. என் அனுபவத்தில் அந்த வில்லன் பாதி நேரம் சரியாகத்தான் பேசுகிறார். இங்கே அவர் கேட்பது: "குழுவுக்கு 6 எலி என்று செய்முறையில் இருக்கிறது. படத்தின் அடியில் 18 என்று இருக்கிறது. எது சரி?"

நடந்தது இதுதான். ஒவ்வொரு எலியின் வால் நுனி இரத்தத்தையும் குளுக்கோமீட்டரில் மூன்று முறை அளந்தார்கள். ஆறு எலி, மூன்று அளவு, மொத்தம் 18 எண். அந்த 18ஐயும் 18 தனித்தனி எலிகள்போலக் கணினியில் போட்டுவிட்டார்கள். ஒரே எலியை மூன்று முறை அளந்தால் கருவியின் தடுமாற்றம் தெரியும், எலிக்கு எலி உள்ள வேறுபாடு தெரியாது. ஆய்வுக்கு வேண்டியது இரண்டாவது.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று போட்டுப் பார்க்கலாம். நோயுள்ள குழுவின் சராசரி 312, குறைந்த அளவு சாறு குடித்த குழு 277, அதிக அளவு குடித்த குழு 246. எலிக்கு எலி வேறுபாட்டைச் சொல்லும் திட்ட விலக்கம் ஏறக்குறைய 40. இரண்டு குழுக்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் எவ்வளவு தடுமாற்றம் இருக்கலாம் என்பதைச் சொல்வது திட்டப் பிழை. 18 எலி என்று கொண்டால் அது சுமார் 13, உள்ளபடி 6 எலி என்று கொண்டால் சுமார் 23. வித்தியாசம் திட்டப் பிழையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான் ஓரளவு நம்பலாம் என்பது தோராய விதி. குறைந்த அளவுச் சாற்றின் வித்தியாசம் 35. பழைய கணக்கில் அது 2.6 மடங்கு, தேறிவிடுகிறது. சரியான கணக்கில் 1.5 மடங்கு, தேறவில்லை. அதிக அளவுச் சாற்றின் வித்தியாசம் 66. அது சரியான கணக்கிலும் 2.9 மடங்கு வருகிறது, நிற்கிறது. மூன்று குழுக்களை ஒப்பிடும்போது விதி இன்னும் கொஞ்சம் கடுமையாகும் என்றாலும் கதை மாறாது. ஆகவே ஒரு விளைவு போயிற்று, ஒன்று தங்கியது.

இந்தக் கேள்விக்கான பதிலில் புதிய பரிசோதனை எதுவும் இல்லை. ஆனால் எல்லாப் படங்களையும் திரும்ப வரைய வேண்டும். ஒவ்வொரு எலிக்கும் மூன்று அளவின் சராசரியை எடுத்து, கம்பப் படத்தின்மேல் ஆறு புள்ளிகளாகக் காட்டினால் மதிப்பீட்டாளர் எண்ணிப் பார்த்துக்கொள்வார். மூலத் தரவை அட்டவணையாக இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. கணக்கைப் பற்றி வாதாடும் பத்திகளைவிட அந்த அட்டவணை வேகமாக வேலை செய்யும்.

அவருடைய அடுத்த வரி: "வழக்கமான மருந்து ஒன்றோடு ஒப்பிட்டீர்களா? ஒரு மெட்ஃபார்மின் குழுவைச் சேர்க்கவும்." பார்க்க ஒற்றை வரி. உள்ளே ஒரு முழுப் பரிசோதனை ஒளிந்திருக்கிறது. பழைய எலிகளோடு புதிதாக ஆறு எலிகளை மட்டும் மெட்ஃபார்மின் கொடுத்து ஒப்பிட முடியாது. ஸ்ட்ரெப்டோசோடோசின் கரைசல் நிலையற்றது, கரைத்த உடனே போட வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயின் கடுமை கொஞ்சம் மாறும். ஆகவே மெட்ஃபார்மின் குழுவோடு அதே நாளில் தொடங்கிய நோயுள்ள குழு, சாறு குழு, ஆரோக்கியக் குழு எல்லாம் வேண்டும். திரும்பவும் 24 எலி. ஊசி போட்ட முதல் ஒரு நாளில், அழியும் செல்களிலிருந்து இன்சுலின் கொட்டிச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும் என்பதால் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டும். அப்படியும் சில எலிகள் இறக்கும், அதற்கும் சேர்த்துத்தான் எண்ணிக்கை கேட்க வேண்டும். கேட்பது யாரிடம்? கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம். முன்பு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் எலிகூடக் குழுவின் ஒப்புதலின்றி எடுக்க முடியாது. குழு கூடும் நாள் நம் கையில் இல்லை. கூடி ஒப்புதல் தந்த பிறகு எலி வாங்கி, பழக்கி, நோய் வரவழைத்து, 28 நாள் சாறு கொடுத்து, அளந்து முடிக்க இரண்டு மாதம் ஓடிவிடும். இதழ் கொடுத்ததோ மொத்தமே 60 நாள்.

இதைச் செய்யலாமா வேண்டாமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. என் கட்சி இது: 'மருந்துக்கு நிகராகக் குறைக்கிறது' என்று கட்டுரை எங்காவது சொல்லியிருந்தால் செய்தே தீர வேண்டும். சொல்லவில்லை என்றாலும், பரிசோதனை முறை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வழக்கமான மருந்து நல்ல சாட்சி. குறைந்த அளவுச் சாற்றின் விளைவு ஏற்கெனவே போய்விட்ட நிலையில், மீதமிருக்கும் ஒரே விளைவு இரண்டாவது முறையும் வருகிறதா என்று பார்க்கவும் இது வாய்ப்பு. செய்யுங்கள், ஆனால் கடைசி நாள்வரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே பதிப்பாசிரியருக்கு எழுதி அவகாசம் கேளுங்கள். நெறிமுறைக் குழு எப்போது கூடும், எந்தப் பரிசோதனை, எத்தனை வாரம் என்று தேதியோடு கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை பீட்டா செல்களை உசுப்பி இன்சுலினை வெளியேற்றும் வகை. செல்களே அழிந்த எலியில் அது சரியாக வேலை செய்யாது. அதோடு ஒப்பிட்டு 'எங்கள் சாறு மருந்தை வென்றது' என்று எழுதினால் அடுத்த சுற்றில் அடி வாங்க வேண்டியதுதான்.

அதே மதிப்பீட்டாளரின் மூன்றாவது கோரிக்கை மரபணு நீக்கிய சுண்டெலிகள். தசைகளுக்குள் சர்க்கரையை இழுக்கும் ஒரு குறிப்பிட்ட நொதியின் வழியாகச் சாறு வேலை செய்கிறது என்று விவாதப் பகுதியில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த நொதி இல்லாத சுண்டெலிகளை வாங்கி நிரூபியுங்கள் என்கிறார். இத்தகைய கோரிக்கைகளுக்கு எதிராக ஆய்வுலகத்துக்குள்ளேயே குரல் எழுந்ததுண்டு. நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஹிட்டே ப்ளோக் 2011இல் நேச்சர் இதழில், மதிப்பீட்டாளர்கள் கேட்கும் பரிசோதனைகள் காலத்தையும் பணத்தையும் வீணாக்கும் கொடுங்கோன்மையாகிவிட்டன என்ற பொருளில் காட்டமாக எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவரத் தொடங்கிய இலைஃப் இதழ், ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய பரிசோதனைகளை மட்டுமே கேட்பது என்று கொள்கையாகவே வைத்தது.

மறுப்பதற்கும் முறை உண்டு. 'இது எங்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது' என்ற ஒற்றை வரியைக் கேட்டுக் கேட்டுப் பதிப்பாசிரியர்களுக்குச் சலித்துவிட்டது. பணமில்லை, எங்கள் ஊரில் கிடைக்காது என்பது உண்மையாகவே இருந்தாலும் அறிவியல் காரணம் ஆகாது. பழையபடி அந்த வாக்கியத்துக்குத்தான் போக வேண்டும். "மரபணு நீக்கிய சுண்டெலிகள் இந்த நொதியின் பங்கை உறுதிப்படுத்தும் என்பதை ஏற்கிறோம். எங்களிடம் உள்ள ஒரு புரத அளவீடு அந்தப் பங்கை நிரூபிக்கப் போதாது. எனவே 'இந்த நொதியின் வழியாக' என்பதை நீக்கி, 'இந்த நொதியின் செயல்பாடு கூடியிருந்தது. அதுதான் காரணமா என்பது தெரியவில்லை' என்று மாற்றியுள்ளோம்." இதற்குமேல் சுண்டெலியைக் கேட்க மதிப்பீட்டாளரிடம் காரணம் மிஞ்சாது. எதை நிரூபிக்க அது வேண்டுமோ அதை நாம் சொல்லவே இல்லையே.

மூன்றாவது மதிப்பீட்டாளருக்குப் பெரிய குறை இல்லை. முன்னுரையைச் சுருக்கச் சொல்கிறார். முதல் மதிப்பீட்டாளர் அதே முன்னுரையை விரிக்கச் சொல்லியிருந்தார். இருவரையும் திருப்திப்படுத்த நீட்டவும் குறைக்கவும் செய்து கந்தலாக்குவதைவிட, எதை ஏற்றோம், ஏன் என்று இரண்டு பேரின் பதிலிலும் வெளிப்படையாக எழுதுவது போதும். கூடவே ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறார். ஐந்திலும் ஒரே ஆய்வாளரின் பெயர். அவர் யாராக இருக்கும் என்று ஊகிக்க மூளை வேண்டாம். தன் மேற்கோள் எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ள இப்படிக் கேட்பது தவறு என்று ஆய்விதழ்களின் நெறிமுறை அமைப்பான கோப் தன் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. படித்துப் பார்த்து, பொருந்துகிற ஒன்றையோ இரண்டையோ சேர்த்து, மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். மீதியைப் பதிப்பாசிரியருக்குத் தனிக்குறிப்பில் சொல்லலாம்.

மரியாதை பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களின் கடிதங்களில் ஒவ்வொரு பதிலும் "மாண்புமிகு மதிப்பீட்டாளரின் ஆழ்ந்த, மதிப்புமிக்க கருத்துக்கு மனமார்ந்த நன்றி" என்று தொடங்கும். முப்பது கேள்விக்கு முப்பது நன்றி. எழுத்துப் பிழையைச் சுட்டிய வரிக்கும் அதே மனமார்ந்த நன்றி. படிப்பவருக்குப் பதில் எந்த வரியில் தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும். தொடக்கத்தில் ஒருமுறை நன்றி, பிறகு எங்கே உண்மையிலேயே கட்டுரை மேம்பட்டதோ அங்கே மட்டும் இன்னொருமுறை. ஒவ்வொரு பதிலின் முதல் சொல்லும் ஆம், இல்லை, செய்தோம், மாற்றினோம் என்று இருந்தால் அதைவிட மரியாதை வேறில்லை. கோபத்தில் எழுதிய வரைவை இரண்டு நாள் கழித்துப் படித்துத் திருத்துவதும், இணை ஆசிரியர்கள் எல்லோரிடமும் காட்டுவதும் இதில் அடங்கும்.

எல்லாம் முடிந்து அனுப்பும்போது மூன்று கோப்புகள் போகும்: பதில் கடிதம், மாற்றங்கள் நிறத்தில் தெரியும் கட்டுரை, மாற்றங்கள் ஏற்கப்பட்ட சுத்தமான கட்டுரை. இரண்டு கட்டுரைக் கோப்புகளிலும் வரி எண்கள் வேறுவேறாக இருக்கும், ஏனென்றால் நீக்கிய வரிகளும் நிறக் கோப்பில் இடம்பிடித்துக்கொண்டிருக்கும். கடிதத்தில் தந்த எண்கள் எந்தக் கோப்புக்கு உரியவை என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டு எண்களைச் சரிபார்க்க மறந்தால், '214ஆம் வரியில் திருத்தியுள்ளோம்' என்ற இடத்தில் மதிப்பீட்டாளர் நன்றியுரையைத்தான் பார்ப்பார்.

கடிதம் வழக்கமாக அதே மதிப்பீட்டாளர்களிடம் திரும்பப் போகிறது. நம் உதாரணத்தில் முதலாமவர் இன்சுலின் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தி என்று எழுதிவிடலாம். எதிர்மறை முடிவை மறைக்காமல் வைத்தவர்களை மற்ற எண்களிலும் நம்பத் தோன்றும். மூன்றாமவர் தன் கட்டுரைகளில் இரண்டு இடம்பெற்றதோடு அமைதியாகலாம். இரண்டாமவர் மட்டும் மெட்ஃபார்மின் குழுவின் ஆறு புள்ளிகளில் ஒன்று மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறதே, அந்த எலியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் என்ன வரும் என்று கேட்பார். அதற்கும் எண் போட்டு, 2.1 என்று மறுபடி தொடங்க வேண்டும். இம்முறை பதில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும், தரவு அட்டவணை ஏற்கெனவே அவர் கையில் இருப்பதால் கணக்கை அவரே போட்டுப் பார்த்திருப்பார்.